"மலடாக்கிய தலையீடு" வேண்டாம், வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்

களுவாஞ்சிகுடி ரீச்சர்:
உயர்தரப் பொருளியல் பிள்ளைகளுக்குக் குறிப்பு எழுதுகிறேன். மத்திய வங்கி டொலர் வாங்குகிறது, ஆனால் அதற்குக் கொடுத்த ரூபாவைத் திரும்ப எடுத்துவிடுகிறது, பண நிரம்பல் கூடுவதில்லை. இந்த ஸ்டெரிலைஸ்ட் இன்டர்வென்ஷனுக்கு நான் எழுதிய "மலடாக்கிய தலையீடு" வகுப்பில் பின்வரிசையைச் சிரிக்க வைத்ததுதான் மிச்சம். அதோடு, ஊரில் பெண்களைக் குத்திக்காட்டுகிற சொல் அது. எனக்குப் பிடிக்கவில்லை.

மட்டக்களப்பு, வங்கிப் பயிலுநர்:
ரீச்சர், ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோலை அவிப்பதும் இதே சொல்தானே, "கிருமி நீக்கிய தலையீடு" எப்படி? இல்லாவிட்டால் "அச்சிடாத் தலையீடு". கையில் இருக்கிற ரூபாவைக் கொடுத்து வாங்குவதால் புதுப்பணம் உருவாவதே இல்லை.

கல்முனை, ஓய்வுபெற்ற வங்கியாளர்:
தம்பி, புதுப்பணம் உருவாவதே இல்லை என்பது பிழை. மத்திய வங்கியிடம் "கையில் இருக்கிற ரூபா" என்று ஒன்று கிடையாது. கணக்குக்கு டொலர் 300 ரூபா என்று வைப்போம். 100 மில்லியன் டொலரை ஒரு வர்த்தக வங்கியிடம் வாங்கினால், அந்த வங்கி மத்திய வங்கியில் வைத்திருக்கும் கணக்கில் 30 பில்லியன் ரூபா வரவு விழும். ஒரு தாள்கூட அச்சடிக்கவில்லை, ஆனாலும் அது புதுப்பணம்தான். அதன் பிறகு மத்திய வங்கி தன்னிடமுள்ள திறைசேரி உண்டியல்களில், அதாவது அரசாங்கத்தின் குறுகியகாலக் கடன் பத்திரங்களில், 30 பில்லியனுக்கு விற்கும், வாங்குகிற வங்கிகளின் கணக்கில் அதே தொகை கழியும். நடந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டுமானால் மத்திய வங்கியின் ஐந்தொகையைப் பாருங்கள்: வெளிநாட்டுச் சொத்து கூடியிருக்கும், உள்நாட்டுச் சொத்து அதே அளவு குறைந்திருக்கும், புழக்கத்தில் உள்ள நாணயமும் வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருக்கும் பணமும் சேர்ந்த ஒதுக்குப் பணம் அசையாது. உள்நாட்டுப் பக்கம் குறையாமல் ஒதுக்குப் பணம் ஏறியிருந்தால், வாங்கினார்கள், எடுக்கவில்லை என்று அர்த்தம். ஆக இரண்டாவது வேலைக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து:
எனக்கு இது விளங்கவில்லை காக்கா. அவர் கட்டாரில் இருந்து அனுப்புகிற காசு என் கணக்கில் ரூபாவாக விழுகிறது. ரூபாவைத் திரும்ப எடுக்கிறது என்றால் எங்கட கணக்கில் இருந்தா? ஏற்கெனவே ஒருமுறை காசு நாலு நாள் வராமல் கிடந்தது.

கல்முனை, ஓய்வுபெற்ற வங்கியாளர்:
இல்லை தங்கச்சி, உங்கள் காசில் யாரும் கைவைப்பதில்லை. ஆனால் நல்ல கேள்வி, ரீச்சரின் குறிப்பில் இருக்கிற ஒரு ஓட்டையை இதுதான் காட்டுகிறது. உங்கள் டொலரை வங்கி மத்திய வங்கிக்கு விற்றது, கிடைத்த ரூபாவில் உண்டியல் வாங்கியது. வங்கியிடம் டொலர் இருந்த இடத்தில் இப்போது உண்டியல், உங்கள் வைப்போ அப்படியே இருக்கிறது. மக்களின் வைப்பையும் சேர்த்து எண்ணும் விரிந்த பணம் அந்த அளவுக்குக் கூடத்தான் செய்யும். அந்தப் புது ரூபாவை அடியாக வைத்து மேலும் மேலும் கடன் பெருகுவதைத்தான் தடுக்கிறார்கள். உண்டியலை வங்கி அல்லாமல் பொதுமக்களே வாங்கினால் மட்டும் வைப்பும் குறையும். "பண நிரம்பல் கூடுவதில்லை" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள் ரீச்சர்.

வவுணதீவு, நீர்ப்பாசனக்காரர்:
எனக்குப் பொருளியல் தெரியாது, ஆனால் இந்த வேலை தெரியும். வாய்க்காலில் வருகிற தண்ணீரை நிறுத்தாமல், வயல் மூழ்காதபடி மறுபக்கம் வடிச்சலைத் திறந்துவிடுகிறோம். "வடிச்சல் தலையீடு" என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே விளங்கும்.

கல்முனை, ஓய்வுபெற்ற வங்கியாளர்:
அழகான சொல். ஆனால் வடிச்சலில் போன தண்ணீர் திரும்பாது, உண்டியல் முதிர்ந்தால் ரூபா வட்டியோடு திரும்பும். உண்டியலுக்கு 8 வீதம், வாங்கிய டொலருக்கு வெளியில் 4 வீதம் என்றால், மேலே சொன்ன 30 பில்லியனில் வருடத்துக்கு 1.2 பில்லியன் கையைக் கடிக்கும், வட்டி உயர உயர இன்னும் டொலர் உள்ளே வரும். விற்க உண்டியலும் தீர்ந்துபோகும். இந்தியாவில் ரிசர்வ் வங்கிக்கு அதுதான் நடந்தது. 2004இல் அரசாங்கம் இதற்கென்றே தனிக் கடன் பத்திரம் வெளியிட்டு, வந்த பணத்தைச் செலவழிக்காமல் ரிசர்வ் வங்கியிலேயே தனிக் கணக்கில் போட்டு வைத்தது. அது வடிப்பதா, தேக்கி வைப்பதா? நான் "ஈடுகட்டிய தலையீடு" என்பேன்.

மட்டக்களப்பு, வங்கிப் பயிலுநர்:
ஈடு என்றால் எங்கள் கிளையில் நகை அடகுதான் காக்கா.

களுவாஞ்சிகுடி ரீச்சர்:
அதுவும் உண்மைதான். இப்போதைக்கு "ஈடுசெய்த தலையீடு" என்று எழுதி, வடிச்சலை உதாரணமாகப் போடுகிறேன், வட்டிக் கணக்கையும் சேர்த்து. டொலரை விற்று, பிறகு ரூபாவை உள்ளே விடுகிற மறுபக்கத்துக்கும் இந்தச் சொல் பொருந்துமா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள். அங்கே வடிச்சல் நிச்சயம் பொருந்தாது.