சைவ கட்டிங்: வீட்டுச் சாப்பாட்டில் புரதக் கணக்கு போட்ட அனுபவம்

ஈரோட்டு இரும்பு

மாவட்டப் போட்டி ஒன்றுக்காக எடை குறைக்கிறேன். இப்போது 78 கிலோ. எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. பால், தயிர், பனீர் உண்டு. சைவத்தில் கட்டிங் செய்கிறவர்களுக்கு உதவும் என்று நான் கணக்கு போட்ட விதத்தை எழுதுகிறேன்.

முதலில் எதையும் மாற்றாமல், சாப்பிடுவதை எல்லாம் எடை போட்டுக் குறித்துக்கொண்டேன். உடல் எடை ஏறாமல் இறங்காமல் நின்ற காலத்தில் நாளுக்குச் சராசரியாக 2500 கலோரி வந்தது. அதில் 400 கழித்து 2100 வைத்தேன். புரதம் கிலோவுக்கு 1.8 கிராம் வீதம் 140. கொழுப்பு கிலோவுக்கு 0.7 வீதம் 55. இவை இரண்டும் 1055 கலோரியை எடுத்துக்கொள்ளும். மீதியை நாலால் வகுத்தால் மாவுச்சத்து 260 கிராம் வரும்.

தாளில் இது சுலபம், தட்டில்தான் சிக்கல். கோழி நெஞ்சுக்கறி சாப்பிடுகிறவருக்குப் புரதம் கிட்டத்தட்டத் தனியாகவே கிடைத்துவிடுகிறது. நமக்குப் பருப்போடு மாவுச்சத்தும் வருகிறது, பனீரோடு கொழுப்பும் வருகிறது. அதனால் ஒவ்வொரு பொருளிலும் 100 கலோரிக்கு எவ்வளவு புரதம் என்று பார்த்தேன். மீல்மேக்கரில் 15 கிராம். பருப்பிலும் பனீரிலும் ஏறக்குறைய ஆறு, ஏழு. வேர்க்கடலையில் நாலரை. அரிசியில் இரண்டு. என் இலக்குக்கு நாள் முழுக்கச் சராசரி ஆறே முக்கால் வேண்டும். சோறும் எண்ணெயும் காயும் தங்கள் பங்கை எடுத்த பிறகு, பருப்பையும் பனீரையும் மட்டும் நம்பி அந்தச் சராசரியை எட்ட முடியாது.

சாம்பார் பிரியன்

இவ்வளவு தேவையா அண்ணா? பருப்பும் சோறும் சேர்ந்தாலே முழுப் புரதம் ஆகிவிடும் என்று படித்திருக்கிறேன். நான் இரண்டு வேளை சாம்பார் சாதம், ராத்திரி பருப்பு தோசை. புரதத்துக்கு எனக்குக் குறை இருக்காது என்று நினைக்கிறேன்.

சேலம் கோச்

தம்பி, நீங்கள் படித்தது சரிதான். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. ஆனால் அது தரத்தைப் பற்றிய பேச்சு, அளவைப் பற்றியது இல்லை. வீட்டுச் சாம்பாரில் ஒரு ஆளுக்குக் கிடைக்கும் பருப்பு, வேகவைக்கும் முன் 20 கிராம் அளவில்தான் இருக்கும். அதில் நாலு, ஐந்து கிராம் புரதம். தண்ணிச் சாம்பார் என்றால் அதுவும் இல்லை.

நான் பயிற்சி கொடுக்கும் சைவப் பையன்களிடம் ஒரே ஒரு பழக்கத்தைக் கேட்பேன். உங்கள் பருப்பை மட்டும் எடை போட்டு, குக்கருக்குள் தனிக் கிண்ணத்தில் வேகவையுங்கள். வீட்டுச் சாம்பாரிலிருந்து காயும் குழம்பும் எடுத்து அதோடு கலந்துகொள்ளலாம். அம்மாவுக்குத் தனிச் சமையல் வேலை இல்லை, உங்களுக்கும் கணக்கு தெளிவாக இருக்கும்.

எடை எப்போதும் சமைக்கும் முன்னால்தான். மீல்மேக்கரில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பாக்கெட்டில் இருக்கும் 52 கிராம் புரதம், காய்ந்த 100 கிராமுக்கு. ஊறினால் எடை மூன்று மடங்குக்குப் பக்கத்தில் போய்விடும். ஊறியதை 100 கிராம் நிறுத்து 52 என்று எழுதினால், உண்மையில் உள்ளே போனது இருபதுக்கும் குறைவு. பட்டியலில் 140 காட்டும், பாரில் எடை தூக்க முடியாது.

ஈரோட்டு இரும்பு

கோச் சொன்னபடி எல்லாம் சமைக்காத எடையிலேயே எழுதுகிறேன். இதுதான் என் ஒரு நாள். காலையில் மூன்று இட்லி. நாள் முழுக்கக் கொழுப்பு குறைத்த பால் அரை லிட்டர், அதே பாலில் தோய்த்த தயிர் 400 கிராம். மதியம் அரிசி 120 கிராம், தனியாக வெந்த துவரம்பருப்பு 60 கிராம், காய் தாராளமாக. சாயங்காலம் கொண்டைக்கடலை 60 கிராம் சுண்டல். ராத்திரி மீல்மேக்கர் 60 கிராமும் பனீர் 100 கிராமும் பொரியல் மாதிரி. நாள் முழுக்க எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், அதையும் அளந்துதான்.

கூட்டினால் புரதம் 125, கொழுப்பு 55, மாவுச்சத்து 285 பக்கம். கலோரி 2100-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது, புரதம் 15 குறைகிறது. சுண்டலை எடுத்துவிட்டு ஒரு ஸ்கூப் வே புரோட்டீன் வைத்தால் புரதம் 137, கலோரியும் 2050-க்குள் வந்துவிடும். ஆனால் வீட்டுச் சாப்பாட்டிலேயே முடிக்க வேண்டும் என்பது என் ஆசை. பனீரை ஏற்றினால் கொழுப்பு மேலே போகிறது, பருப்பை ஏற்றினால் சோற்றை வெட்ட வேண்டியிருக்கிறது. காலைப் பயிற்சி நாளில் சோறு குறைந்தால் ஸ்குவாட்டில் உடனே தெரிகிறது.

தாரா

கோச் சார், எங்கள் அப்பாவுக்கு சுகர், வயது 61, போன மாதம் கிரியேட்டினின் கொஞ்சம் கூட வந்திருக்கிறது. அவரும் எடை குறைக்க வேண்டும் என்கிறார். இதே தட்டை அவருக்குக் கொடுக்கலாமா?

சேலம் கோச்

வேண்டாம்மா. இது சிறுநீரகம் நன்றாக இருக்கும், எடை தூக்கும் ஆளுக்கான கணக்கு. கிரியேட்டினின் ஏறியிருக்கும்போது புரத அளவை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இரும்பு தம்பி, 125 என்பது கிலோவுக்கு 1.6. எடை ஏற்றும் காலத்தில் அது போதும் என்று தயங்காமல் சொல்வேன். குறைக்கும் காலத்தில், அதுவும் போட்டி நெருங்க நெருங்க, தசையைக் காப்பாற்றக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது என்பது என் கருத்து. வாரச் சராசரி எடையையும் பயிற்சி நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாரத்துக்கு அரை கிலோ போல இறங்கி, பெஞ்சும் ஸ்குவாட்டும் நின்ற இடத்தில் நின்றால் 125-லேயே ஓட்டலாம். வாரத்துக்கு ஒரு கிலோ போய், எல்லா லிஃப்டும் சேர்ந்து இறங்கினால் முதலில் கலோரியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஒரு நாள் எடையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்ட மறுநாள் உடம்பில் தண்ணீர் நிற்கும், அது கொழுப்பு இல்லை.

பீளமேடு லிஃப்டர்

நான் ஒரு கட்டத்தில் மீல்மேக்கரை நாளுக்கு 100 கிராம் வரை ஏற்றினேன். புரதம் சுலபமாக வந்தது, வயிறு ஒத்துழைக்கவில்லை. சுண்டலும் சேர்ந்த நாளில் கேஸ் தாங்காது. 50, 60 கிராமோடு நிறுத்தி, இரண்டு வேளையாகப் பிரித்து, கொதித்த தண்ணீரை வடித்துப் பிழிந்து, மறுபடி புதுத் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகுதான் சரியானது. ஜிம்மில் இதைச் சாப்பிட்டால் டெஸ்டோஸ்டிரோன் குறையும் என்று பயமுறுத்துகிறார்களே, அது உண்மையா?

சேலம் கோச்

ஆண்களிடம் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அப்படி ஒரு குறைவைக் காணவில்லை. நீங்கள் சொல்லும் 50, 60 கிராமுக்கு நான் கவலைப்பட மாட்டேன்.

சாம்பார் பிரியன்

இன்றைக்கு என் பருப்பை நிறுத்துப் பார்த்தேன் அண்ணா, 25 கிராம்தான். ஆனாலும் பவுடருக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. பனீருக்குப் பதில் அந்தக் கலோரிக்கும் கொழுப்பு குறைத்த தயிரையே ஏற்றினால் என்ன?

ஈரோட்டு இரும்பு

நானும் அதைத்தான் போட்டுப் பார்த்தேன். பனீரின் 265 கலோரிக்கு தயிர் ஏறக்குறைய 600 கிராம் வரும். புரதம் மூன்று கிராம் கூடும், கொழுப்பு பத்து கிராம் குறையும். ஏற்கெனவே இருக்கும் 400-ஓடு சேர்த்தால் நாளுக்கு ஒரு கிலோ தயிர். துணியில் கட்டித் தண்ணீரை வடித்தால் அளவு பாதியாகக் குறையும், ஆனால் வடிகிற தண்ணீரோடு கொஞ்சம் புரதமும் போய்விடும், எவ்வளவு என்று என் சமையல் தராசில் தெரியாது. அடுத்த வாரம் பனீருக்குப் பதில் அதையே வைக்கிறேன். யாராவது ஏற்கெனவே வடித்த தயிரில் கட்டிங் செய்திருந்தால், எந்த அளவை எழுதிக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள்.