புதுப்பிப்பு: நெஃப்ட் 48,000 ரூபாய், கடைசியில் வந்தது

முன்பு இங்கே நான் கேட்டது: "என் வங்கியில் சக்ஸஸ்னு காட்டுது, அண்ணன் கணக்குல மூணு நாளா பணம் ஏறல. யாரைப் பிடிக்கணும்?"

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை பணம் ஏறிவிட்டது.

வேலை செய்தது ஓய்வுபெற்ற வங்கிக்காரர் சார் சொன்ன வழி: "யுடிஆர் மட்டும் கேட்காதீங்க, N10 வந்திருக்கான்னு கேளுங்க." யுடிஆர் என்பது அனுப்பிய பணத்துக்கான பரிவர்த்தனை எண்; அது இருந்தால் பணம் கிளம்பியது என்றுதான் அர்த்தம். பெறும் வங்கி கணக்கில் வரவு வைத்த பிறகு அனுப்பும் உறுதிச் செய்திதான் N10. அதில் வரவு வைத்த தேதியும் நேரமும் இருக்கும்.

என் கிளையில் பார்த்தார்கள். திங்கள் 11.30 பேட்ச்சில் பணம் போயிருக்கிறது. 1.30க்குள் வரவு வைத்திருக்க வேண்டும், இல்லையேல் திருப்பியிருக்க வேண்டும். N10 இல்லை, ரிட்டர்னும் இல்லை. ஆக, பணம் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. இதை எழுதி வாங்கி, அண்ணன் தன் வங்கியின் நெஃப்ட் உதவி மையத்துக்கு யுடிஆரோடு அனுப்பினார். கேஒய்சி நிலுவையால் அண்ணன் கணக்கில் சேராமல், வங்கியின் சஸ்பென்ஸ் கணக்கில் கிடந்ததாம்!

"பெயர் பொருந்தலைன்னா திரும்பிடும்" என்றவருக்கு: திரும்புவது உண்மை, காரணம் பெயர் இல்லை. நெஃப்டில் கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே வரவு வைப்பார்கள். N10 வந்தும் பணம் காணோமென்றால் முதலில் எண்ணைச் சரிபாருங்கள். யுபிஐ கேட்ட தம்பி, உங்களுக்கு N10 கிடையாது, 12 இலக்க ஆர்ஆர்என் எடுங்கள்.

தாமத வட்டி, ரெப்போ விகிதத்தோடு 2 சதவீதம், கேட்காமலே தர வேண்டும். இன்னும் வரவில்லை.