‘மிச்சக் காசு’: ஏழு துண்டும் ஒரு வெற்றுத் துண்டும்

கொட்டாஞ்சேனை டீச்சர்

சிறுகதைப் பாடம் எடுக்கிற அனுபவத்தை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். தரம் 6 பிள்ளைகளுக்கு நான் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன். கதையை நானே எழுதிக்கொண்டேன். பெயர் ‘மிச்சக் காசு’.

நிலா என்ற பிள்ளை கொள்ளுப்பிட்டியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி 500 ரூபாத் தாளை நீட்டுகிறாள். கொண்டக்டரிடம் சில்லறை இல்லை. டிக்கட்டின் பின்பக்கம் மிச்சத் தொகையை எழுதிக் கொடுத்து, இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். மழை பிடிக்கிறது. நனைந்த பைகள் இரண்டோடு ஒரு பாட்டி ஏறுகிறார், நிலா எழுந்து இடம் கொடுக்கிறாள். வெள்ளவத்தையில் அந்தப் பைகளை இறக்கிக் கொடுக்கப்போய், மிச்சத்தை வாங்காமலே இறங்கிவிடுகிறாள். பஸ் போய்விடுகிறது. டிக்கட்டைக் கொப்பிக்குள் வைக்கிறாள்.

பஸ் போன இடத்தில் வாசிப்பை நிறுத்துவேன். “அடுத்து என்ன நடக்கும்?” என்று மட்டும் கேட்டால் வகுப்பே ஒரே குரலில் “காசு போச்சு மிஸ்” என்னும். கொழும்புப் பிள்ளைகள், தினமும் பஸ்ஸில் வருகிறவர்கள், அவர்களுக்குத் தெரியாததா? ஆனால் அது அவர்கள் பஸ்ஸில் கண்டது, கதையில் கண்டது இல்லை. அதனால் இரண்டாவது கேள்வி ஒன்று வைத்திருக்கிறேன்: “எந்த வரியைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?” இதைக் கேட்டதும் வகுப்பு அடங்கிவிடும். பிறகு யாராவது ஒருத்தி டிக்கட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்வாள். எழுதிக் கொடுக்கிற கொண்டக்டர் ஏமாற்ற நினைத்திருந்தால் எதற்கு எழுதுகிறார் என்பாள். பின்வாங்கிலிருந்து ஒரு பையன், “வாயை மூடுறதுக்குத்தான் எழுதுவாங்க” என்பான். இரண்டுக்கும் கதையில் இடம் இருக்கிறது. எது சரி என்று நான் சொல்வதில்லை. சொன்னால் அதோடு கதை முடிந்துவிடும், மிச்ச வேலை எல்லாம் வெறும் பயிற்சியாகிவிடும்.

அதன் பிறகுதான் துண்டுகள். கதையை ஏழு துண்டாக எழுதி, எட்டாவதாக ஒரு வெற்றுத் துண்டும் சேர்த்து, நாலு பேருக்கு ஓர் உறை. ஒழுங்குபடுத்திவிட்டு, தங்கள் ஊகத்தை வெற்றுத் துண்டில் ஒரே வசனமாக எழுத வேண்டும். அதற்குப் பிறகு கதையை மீளச் சொல்வதும், முடிவை மாற்றுவதும்.

துண்டு தயாரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘பிறகு’, ‘இறுதியாக’ போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை கதையை விட்டுவிட்டு அந்தச் சொற்களைத்தான் அடுக்கும். ஒரு தாளைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தால் ஓரங்களைப் பொருத்தியே முடித்துவிடுவார்கள். எழுத்தே வாசிக்கத் தேவையில்லை. நான் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு தாளில் ஒரே அளவாக எழுதுகிறேன். ‘அவள்’ என்று தொடங்குகிற துண்டு முதலில் வராது என்று கண்டுபிடிக்கிற பிள்ளைகளும் உண்டு. அதை நான் தடுப்பதில்லை, அது வாசிப்புத்தான்.

தெமட்டகொடை உம்மா

டீச்சர், என்ட மகனுக்கு அடுத்த வருஷம் புலமைப்பரிசில். பயிற்சிப் புத்தகத்துல வசனங்களை ஒழுங்குபடுத்துற கேள்வி வந்தா மாத்தி மாத்திப் போடுறார். நீங்க சொல்ற இந்த உறை முறையில எத்தனை வசனம் குடுத்துப் பழக்கோணும்? ஒவ்வொரு நாளும் செய்யோணுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்

முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒழுங்குபடுத்தலில் விடை ஒன்றே ஒன்றுதான். கதையாசிரியர் எந்த வரிசையில் எழுதினாரோ அதுவே சரி. பிள்ளைகளோடு விவாதத்துக்கு இடம் வைத்தால் திருத்துகிற ஆசிரியருக்குத் தலைவேதனைதான் மிஞ்சும். துண்டுக்குப் பின்னால் இலக்கம் போட்டுவிட்டால் பிள்ளைகள் தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

கொட்டாஞ்சேனை டீச்சர்

சேர், ஒரு பக்கம் நீங்கள் சொல்வது சரி. நிலா காசு கொடுக்க முன் கொண்டக்டர் மிச்சம் எழுத முடியாது. காரணம் முன்னால், விளைவு பின்னால், அதில் பேச்சே இல்லை. ஆனால் இந்த ஏழில் இரண்டு இடம் வேறு மாதிரி.

முதலாவது, மழையும் பாட்டியும். போன தவணை ஒரு குழு பாட்டியை முன்னுக்கும் மழையைப் பின்னுக்கும் வைத்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று வாதாடியது. பக்கத்துக் குழுவிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து வந்து, பாட்டியின் துண்டில் ‘நனைந்த’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. அந்தக் குழு துண்டுகளைத் தானாக மாற்றிவைத்தது. பின்னால் இலக்கம் இருந்திருந்தால் தாளைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள், அந்தச் சொல்லைத் தேடியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, டிக்கட்டைக் கொப்பிக்குள் வைக்கிற துண்டு. அதைக் கொண்டக்டர் எழுதிக் கொடுத்த உடனேயும் வைக்கலாம், பஸ் போன பிறகும் வைக்கலாம். தடுக்கிற சொல் எதுவும் இல்லை. ஆனால் கதை மாறிவிடுகிறது. முன்னால் வைத்தால் நிலா ஒழுங்கான பிள்ளை, அவ்வளவுதான். பின்னால் வைத்தால் காசு வரும் என்று அவள் இன்னும் நம்புகிறாள். இதில் எதைப் பிழை என்று சிவப்பு மையால் வெட்டுவது?

உம்மா, உங்கள் மகனுக்குத் தினமும் தேவையில்லை. எண்ணிக்கையைக் கூட்டவும் வேண்டாம். ஐந்து வசனம் போதும். அடுக்கிய பிறகு, “ஏன் இது இதற்குப் பின்னால்?” என்று ஒவ்வொரு இடைவெளியிலும் கேளுங்கள். ‘அப்பத்தான் சரி’ என்று சொன்னால் அவர் ஊகித்து வைக்கிறார் என்று அர்த்தம். ஒரு சொல்லையோ காரணத்தையோ காட்டினால் வாசித்திருக்கிறார். பரீட்சைத் தாளில் ஒரே விடையைத்தான் ஏற்பார்கள், அதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

‘நனைந்த’ சரி, ஒப்புக்கொள்கிறேன். டிக்கட் விஷயத்தில் இன்னும் உடன்பாடில்லை. இரண்டு வரிசை வருகிற துண்டு என்றால் அந்தத் துண்டையே எடுத்துவிட வேண்டும்.

வெள்ளவத்தை ஜெயந்தி மிஸ்

நான் உங்கட கதையைப் போன கிழமை என்ர வகுப்பில செய்து பார்த்தன். 38 பிள்ளைகள். 40 நிமிசத்துக்குள்ள ஊகம், துண்டு, மீளச் சொல்லல், முடிவு மாத்தல் எண்டு நாலையும் செய்யேலாது. துண்டு அடுக்கி முடியேக்கையே பாதிக்கு மேல போயிட்டுது. முடிவு மாத்திறதை அடுத்த பாடவேளைக்குத் தள்ளினன், அதுதான் நல்லதாய்ப் போச்சு.

மீளச் சொல்லல் எனக்குப் பிடிச்சுது. துண்டெல்லாத்தையும் கவிட்டு வைச்சிட்டு, கொண்டக்டர் சொல்லுற மாதிரிச் சொல்லச் சொன்னன். முதல் சோடி அப்பிடியே கதையை ஒப்பிச்சினம், ‘நிலா’வுக்குப் பதிலா ‘அந்தப் பிள்ளை’ எண்டு மட்டும் மாத்தி. “பாட்டிக்கு உதவி செய்யிறதுக்காக இறங்கினா” எண்டு சொல்லேக்க நான் மறிச்சன். கொண்டக்டர் முன்கதவடியில நிண்டு டிக்கட் வெட்டுறார், அவருக்கு அது எப்பிடித் தெரியும்? அந்தப் பெடியன் யோசிச்சுப்போட்டு, “திரும்பிப் பாத்தன், அந்தப் பிள்ளையக் காணேல்லை, கையில காசை எண்ணி வைச்சிருந்தன்” எண்டான். கதையில இல்லாத வசனம், ஆனா கதைக்குப் பொருந்துது. பிள்ளைக்குக் கதை விளங்கினதோ இல்லையோ எண்டு எனக்கு அந்த வசனத்திலதான் தெரிஞ்சுது. பாடமாக்கிச் சொல்லுற பிள்ளையால அதைச் சொல்லேலாது.

முடிவு மாத்திறதுதான் பிரச்சினை. 11 குழு. முக்கால்வாசி ‘எல்லாம் கனவு’, இல்லாட்டி பொலிஸ் வந்து கொண்டக்டரைப் பிடிச்சிட்டுது. ஒரு குழுவில நிலா லொத்தர் வெண்டிட்டா. இதை என்னெண்டு மறிக்கிறது?

கொட்டாஞ்சேனை டீச்சர்

கனவைத் தடை செய்தால் அடுத்த முறை விபத்து வரும். நான் கடைசித் துண்டை நேரடியாகத் தொட விடுவதில்லை. நடுவில் ஒரு துண்டை மட்டும் மாற்றலாம், அதற்குப் பின்னால் வருகிற எந்தத் துண்டு இனிப் பொருந்தாதோ அதையெல்லாம் அவர்களே திருப்பி எழுத வேண்டும் என்பதுதான் நிபந்தனை. முடிவு தானாக வேறாகும்.

ஒரு குழு இரண்டாம் துண்டை மாற்றியது: கொண்டக்டர் ஒன்றும் எழுதவில்லை, “பிறகு தாறன்” என்று வாயால் மட்டும் சொன்னார். மழைத் துண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டியின் துண்டும் அப்படியே இருந்தது. கொப்பிக்குள் டிக்கட் வைக்கிற துண்டில்தான் மாட்டிக்கொண்டார்கள், பின்பக்கம் ஒன்றும் இல்லாத டிக்கட்டை எதற்குப் பத்திரப்படுத்துகிறாள்? அதைத் தூக்கினார்கள். அடுத்த நாள் நிலா போய்க் கேட்கிறாள், கொண்டக்டர் நினைவில்லை என்கிறார், கையில் ஆதாரம் இல்லை. இங்கே நெடுநேரம் நின்றார்கள். கடைசியில் ஒரு பிள்ளை, “பாட்டி பக்கத்துலதானே இருந்தாங்க, கேட்டிருப்பாங்க” என்றாள். இவ்வளவு நேரமும் இடம் வாங்கிக்கொண்டு பை இறக்க மட்டும் இருந்த பாட்டி சாட்சியாகிவிட்டார். ஆனால் நிலா எழுந்து இடம் கொடுத்தது காசு கொடுத்த பிறகு, அந்த நேரம் பாட்டி பஸ்ஸிலேயே இல்லையே என்று இன்னொருவன் மறித்தான். உடனே துண்டுகளைத் திரும்ப அடுக்கினார்கள்: பாட்டி முதலில் ஏற வேண்டும், அப்படியென்றால் மழை அதற்கும் முன்னால். ‘நனைந்த’ என்பதை விட அவர்களுக்கு மனமில்லை.

நான் எழுதிய முடிவையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த நாள் அதே நேரத்துக்கு அதே பஸ். நிலா டிக்கட்டை நீட்ட முன்னமே கொண்டக்டர் மிச்சத்தை எண்ணிக் கொடுக்கிறார். பாதிப் பேர் இதை நம்பவில்லை. நான் வற்புறுத்துவதில்லை.

நுகேகொடை இரண்டாம்மொழி சேர்

நான் சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவன். என் கதை கொஞ்சம் வேறு. நான் ஊகம் கேட்டால் பிள்ளைகளுக்கு எண்ணம் இருக்கிறது, சொல்லத் தமிழ் இல்லை. உங்கள் ஏழு துண்டையும் அப்படியே கொடுத்தால் வாசித்து முடிக்கவே பாடவேளை போய்விடும். நான் நாலு படம் வரைந்து கொடுக்கிறேன், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வசனம். படத்தை வைத்தே அடுக்கிவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல், வசனத்தைப் பார்ப்பதே இல்லை. ஆகவே முதலில் படத்தை மட்டும் கொடுத்து அடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு வசனங்களைத் தனியாகக் கொடுத்துப் படத்தோடு சேர்க்கச் சொல்கிறேன். ஊகத்தைச் சிங்களத்தில் சொல்ல விடுகிறேன், அதில் ஒரு வசனத்தை மட்டும் எல்லாருமாகத் தமிழாக்குவோம். மேலிடத்தில் இதற்கு அதிருப்தி உண்டு, தமிழ்ப் பாடத்தில் சிங்களம் எதற்கு என்று.

மீளச் சொல்லலில் ஒரு தொல்லை: எல்லா வசனமும் ‘நிலா போகிறாள்’, ‘நிலா கொடுக்கிறாள்’ என்றே வருகிறது, இறந்தகாலம் வருவதே இல்லை. சொல்லும்போதே திருத்தினால் கதை நின்றுவிடுகிறது. திருத்தாவிட்டால் அப்படியே பதிந்துவிடுமோ என்று பயம். யாராவது இதைச் சமாளித்திருக்கிறீர்களா?

வெள்ளவத்தை ஜெயந்தி மிஸ்

சேர், அவை சொல்லி முடியுமட்டும் பொறுத்து, பிறகு நீங்கள் அதே கதையை இறந்தகாலத்தில ஒருக்காச் சொல்லுங்கோ. எங்க வித்தியாசம் எண்டு அவையே கையுயர்த்தட்டும். என்ர வகுப்பில ஆங்கிலப் பாடத்துக்கு அப்பிடித்தான் செய்யினம். எல்லாப் பிள்ளைக்கும் சரிவரும் எண்டு சொல்லமாட்டன்.

தெமட்டகொடை உம்மா

டீச்சர், நேத்து ராவு அஞ்சு வசனம் எழுதிக் குடுத்தேன். ‘ஏன்’ண்டு கேட்டா கோவம் வருது அவருக்கு. ஆனா ரெண்டு எடத்துல சொல்லைக் காட்டினார். தங்கச்சி அந்தத் துண்டையெல்லாம் எடுத்து வேற கதை அடுக்கிட்டா, அதுக்கும் ‘ஏன்’ கேக்கணுமா?