வீட்டுக்கடன் நோட்டீஸ் வந்திருக்கு, எந்தத் தொகையைக் கட்டணும்? அவசரம்

கார்த்தி_மதுரை
பேங்க் நோட்டீஸ்ல 18,12,640 ரூபாய்னு போட்டிருக்காங்க. ஆப்ல மொத்த பாக்கி 17,71,200 தான். 41 ஆயிரம் எங்கிருந்து வந்துச்சு? எல்லாத்தையும் ஒரே நேரத்துல கட்டணுமா? பதில் எழுதலாமா? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க.

செல்வி_க
எந்த நோட்டீஸ்னே சொல்லலையே. கையெழுத்து வக்கீலோடதா, வங்கியோட அதிகாரம் பெற்ற அலுவலரோடதா? மேலே எந்தப் பிரிவு போட்டிருக்கு? நோட்டீஸ் தேதி, கைக்கு வந்த தேதி, இ.எம்.ஐ. எவ்வளவு, கடைசியா எப்ப கட்டினீங்க?

முருகேசன்.ரா
எனக்கு வந்ததுல 15 நாள்தான் டைம் குடுத்திருந்தாங்க. அப்புறம் கேஸ்தான். உங்களுக்கும் அதான் தம்பி.

செல்வி_க
அண்ணா, உங்களுது பர்சனல் லோனுக்கு வந்த வக்கீல் நோட்டீஸா இருக்கும். வீட்டை அடமானமா வச்ச கடனுக்கு வர்றது வேற.

சட்டம்_தெரிஞ்சவன்
இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் சொல்றது? நோட்டீஸை முழுசா படிச்சுட்டு வந்து கேளுங்க. அதிலேயே எழுதியிருக்கும்.

கார்த்தி_மதுரை
சாரி. சர்ஃபேசி சட்டம் 13(2)னு இருக்கு. தேதி ஜூலை 4, கைக்கு வந்தது 11. இ.எம்.ஐ. 21,500, வட்டி 9%. வாராக்கடன், அதாவது என்.பி.ஏ. ஆன தேதி ஏப்ரல் 5. ஜனவரியிலிருந்து தவணை விட்டுப்போச்சு. ஆப்ல ஓவர்டியூ 1,50,500.

ராஜ்_ப்ரோ
ஒரு இ.எம்.ஐ. கட்டிடுங்க ப்ரோ, நோட்டீஸ் தானா ரத்து ஆயிடும்.

கிளை_அனுபவம்
ராஜ் சொல்றது பாதிதான் சரி. கணக்கு என்.பி.ஏ.விலிருந்து வெளிய வரணும்னா தவணை, வட்டி பாக்கி முழுசும் தீரணும். ஒரு தவணை கட்டினா கடன்ல அவ்வளவு குறையும், நோட்டீஸ் அப்படியேதான் நிக்கும். விட்டுப்போன தவணை பாக்கி முழுசையும் கட்டினா பெரும்பாலும் வங்கி மேற்கொண்டு போறதில்லை. ஆனா அதை எழுத்துல வாங்கிக்கணும். நோட்டீஸ் கேட்கிறது முழுக் கடனையும்.

அந்த 41,440: என்.பி.ஏ. ஆனதும் வட்டியைக் கடன் கணக்குல பற்று வைக்கிறதை நிறுத்திட்டு, தனியா குறிச்சு வச்சுக்குவாங்க. ஆப் அதைக் காட்டாது, நோட்டீஸ் சேர்த்துக் கேட்கும். 17,71,200க்கு 9%ல மூணு மாசம் 39,852. மிச்சம் 1,588 அபராதக் கட்டணமோ தபால் செலவோ, பிரிச்சுக் காட்டச் சொல்லிக் கேளுங்க. தொகைக்குப் பக்கத்துல எந்தத் தேதி வரைக்கும்னு இருக்கும். அதுக்கு அப்புறமும் வட்டி ஓடும்.

செல்வி_க
1,50,500ன்னா சரியா ஏழு தவணை, ஜனவரி முதல் ஜூலை வரை. நடுவுல எதுவுமே கட்டலையா கார்த்தி?

கார்த்தி_மதுரை
மார்ச் 20ல 43,000 அனுப்பினேனே!

செல்வி_க
அது வரவே வைக்கலை. வச்சிருந்தா ஜனவரி, பிப்ரவரி தீர்ந்து ஓவர்டியூ 1,07,500தான் இருக்கணும். மார்ச் 5 தவணையிலிருந்து 90 நாள் எண்ணினா என்.பி.ஏ. ஜூன் 3. நோட்டீஸ்ல இருக்கிற ஏப்ரல் 5 தப்பு. ரசீதுல எந்தக் கணக்கு எண்ணுக்குப் போயிருக்குன்னு பாருங்க.

சட்டம்_தெரிஞ்சவன்
என்.பி.ஏ. தேதி தப்புன்னா நோட்டீஸே செல்லாது. அவ்வளவுதான்.

கிளை_அனுபவம்
அப்படி நம்பி உட்கார வேண்டாம். ஜூன் 3ன்னு வச்சாலும் ஜூலை 4க்கு முன்னாடியே என்.பி.ஏ. ஆயிடுச்சு. தொகை குறையணும், அது உறுதி.

முருகேசன்.ரா
அப்ப எத்தனை நாள் டைம்?

செல்வி_க
60 நாள். நோட்டீஸ் தேதியிலிருந்துன்னு சட்டம் சொல்லுது, அதாவது செப்டம்பர் 2.

சட்டம்_தெரிஞ்சவன்
கைக்கு வந்த நாளிலிருந்துதான் எண்ணணும். ஆள் கையில வராத நோட்டீஸுக்கு எப்படி நாள் ஓடும்? செப்டம்பர் 9.

செல்வி_க
அதை வச்சு வாதாடலாம். ஆனா அந்த ஒரு வாரத்தை நம்பி வீட்டைப் பணயம் வைக்கக் கூடாது. 2ம் தேதிதான் கடைசின்னு நினைச்சுக்கோங்க.

சட்டம்_தெரிஞ்சவன்
பயந்தவங்க அப்படித்தான் எண்ணுவாங்க.

கிளை_அனுபவம்
இதை விடுங்கப்பா. கார்த்தி, 13(3ஏ)படி ஆட்சேபணை எழுத உங்களுக்கு உரிமை இருக்கு. நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்ட அலுவலர் பேருக்கே எழுதுங்க. 43,000 செலுத்திய தேதி, பரிவர்த்தனை எண், ரசீது நகல், சரியான ஓவர்டியூ, என்.பி.ஏ. தேதி, முழுக் கணக்கு விவரம் கேட்கிற வரி, இவ்வளவு போதும். கஷ்ட நிலைமையை நாலு பக்கம் எழுதினா முக்கியமான விஷயம் மறைஞ்சுடும். பதிவு வசதியும் டெலிவரி அத்தாட்சியும் சேர்த்து ஸ்பீட் போஸ்ட், கூடவே மின்னஞ்சல்.

ஏத்துக்க மாட்டோம்னா கடிதம் கிடைச்ச 15 நாளுக்குள்ள காரணம் சொல்லணும். அந்தப் பதிலை மட்டும் வச்சு கடன் மீட்புத் தீர்ப்பாயம் போக முடியாது. 13(4)ல சொத்தைக் கையகப்படுத்துற நடவடிக்கை எடுத்தா, அதிலிருந்து 45 நாளுக்குள்ள போகலாம். இப்ப எழுதுற கடிதம் அங்கே உங்களுக்கு ஆதாரம்.

கார்த்தி_மதுரை
ரசீது கிடைச்சது. பணம் டாப்-அப் கடன் கணக்குக்குப் போயிருக்கு. கடிதம் ஸ்பீட் போஸ்ட்ல போட்டாச்சு. நன்றி செல்வி மேடம், சார்.

செல்வி_க
அந்த டாப்-அப் கணக்கோட ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வச்சுக்கோங்க. டெலிவரி அத்தாட்சி வந்ததும் அதுல இருக்கிற தேதியிலிருந்து 15 நாளை எண்ணுங்க.