சிறுநீரகம் பலவீனமான அப்பா லெஸ்டருக்கு வருகிறார்: எதை வாங்கி வைப்பது, எதைக் கட்டிக்கொண்டு வரக்கூடாது?

பென்னாகரம்
அனைவருக்கும் வணக்கம். கணவரின் வேலைக்காக இங்கிலாந்தில் உள்ள லெஸ்டருக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். அடுத்த மாதம் தம்பி அப்பாவை அழைத்து வருகிறான். அப்பாவுக்கு 67 வயது. தர்மபுரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் ஜி.எஃப்.ஆர். 26, பொட்டாசியம் 5.4. டயாலிசிஸ் இல்லை, சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் சாப்பிடுகிறார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதால், இங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பை வாங்கி வைக்கலாம் என்றிருக்கிறேன். ஊரில் தம்பி புளி, வெல்லம், அப்பளம், மாங்காய் ஊறுகாய், கேழ்வரகு மாவு எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறான். எதை விட்டுவிட்டு வரச் சொல்லலாம்?

காரிமங்கலம்
அம்மா, இளநீரும் வாழைப்பழமும் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. பருப்பையும் முட்டையையும் அடியோடு நிறுத்திவிடுங்கள், புரதம் சிறுநீரகத்துக்கு எமன். உருளைக்கிழங்கை வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால் பொட்டாசியம் போய்விடும், தைரியமாகக் கொடுக்கலாம்.

ஊத்தங்கரை
என் மைத்துனருக்கும் சிறுநீரகக் கோளாறுதான். தினமும் காலையில் வாழைத்தண்டுச் சாறு குடித்து, மூன்று லிட்டர் தண்ணீர் குடித்ததில் கல் கரைந்துவிட்டது. அங்கே தமிழ்க் கடைகளில் வாழைத்தண்டு கிடைக்கும், வாங்கி வையுங்கள்.

பாலக்கோடு
ஊத்தங்கரை அண்ணா, இவர் கேட்பது கல்லைப் பற்றியல்ல. இந்த அப்பாவுக்குச் சிறுநீரகத்தின் வேலை செய்யும் திறனே குறைந்திருக்கிறது. வாழைத்தண்டில் பொட்டாசியம் அதிகம், அதைச் சாறாக எடுத்தால் இன்னும் திரண்டு வரும். இவருக்குத் தினமும் கொடுப்பது ஆபத்து. எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தங்கச்சி, நான் இங்கே மருத்துவமனையில் சிறுநீரக நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்பவள். நீங்கள் எழுதியதில் என்னைப் பதறவைத்தது அந்தச் சோடியம் குறைந்த உப்புதான். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். அந்த டப்பாக்களில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடைப் போடுகிறார்கள். பல வகைகளில் மூன்றில் இரண்டு பங்கு அதுதான். ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து கிராம், ஒரு நாள் சமையலில் அவர் வயிற்றுக்குள் போனால் சுமார் 1,700 மில்லிகிராம் பொட்டாசியம் கூடுதலாகச் சேரும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் இருப்பது 400 சொச்சம்தான். வாழைப்பழத்தை ஒளித்து வைத்துவிட்டு, நான்கு பழத்துக்கு இணையானதைச் சாம்பாரில் கரைத்துக் கொடுப்பதாகிவிடும். ராமிப்ரில் மாத்திரையும் பொட்டாசியத்தை உடம்பில் தக்கவைக்கும் இயல்புடையது. 5.4 என்ற அளவிலிருந்து மேலே ஏறும்போது பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. இதயத் துடிப்பு தாறுமாறாகும்போதுதான் தெரியும். ரத்தப் பரிசோதனை ஒன்றே முன்கூட்டிக் காட்டும். அதனால் அவர் வந்ததும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்து, ஊர் ரிப்போர்ட்டைக் காட்டி மறுபடியும் பார்த்துவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

சாதாரண உப்பையே வாங்கிக் குறைவாகப் போடுங்கள். மொத்த உப்பு நாளுக்கு ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும், அதில் ரொட்டியிலும் அப்பளத்திலும் இருப்பதும் சேரும். குறையும் ருசியை எலுமிச்சை, மிளகு, சீரகம், பெருங்காயம், பூண்டு ஈடுகட்டும்.

பென்னாகரம்
அக்கா, நல்ல வேளை கேட்டேன். வேறு பாக்கெட்டுகளில் இது ஒளிந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பாலக்கோடு
ஆங்கிலத்தில் பொட்டாசியம் குளோரைடு என்று எழுதியிருப்பார்கள், அல்லது ஈ என்ற ஆங்கில எழுத்தோடு 508 என்ற எண்ணைப் போட்டிருப்பார்கள். "உப்பு குறைக்கப்பட்டது" என்று விளம்பரம் செய்யும் சூப், சாஸ், மசாலாக் கட்டிகளில் முதலில் இதைத் தேடுங்கள். சத்து அட்டவணையில் பொட்டாசிய அளவு போட வேண்டும் என்ற கட்டாயம் பிரிட்டனில் இல்லாததால், அட்டவணையை நம்பாமல் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள்.

அதே பட்டியலில் அடுத்துத் தேட வேண்டியது பாஸ்பேட், அதாவது பாஸ்பரஸ் சேர்ந்த பொருள். பலவீனமான சிறுநீரகத்தால் பாஸ்பரஸையும் சரியாக வெளியேற்ற முடியாது. 338 முதல் 341 வரையும் 450, 451, 452 எண்களும் அந்த வகைதான். இயற்கையாகப் பருப்பிலும் தானியத்திலும் இருக்கும் பாஸ்பரஸில் ஒரு பகுதியைத்தான் குடல் இழுக்கும். தொழிற்சாலையில் சேர்ப்பதோ ஏறக்குறைய முழுவதும் ரத்தத்துக்குப் போய்விடும். கருப்புக் கோலா, சீஸ் ஸ்லைஸ், பதப்படுத்திய கோழி, உறையவைத்த இறால் ஆகியவற்றில் அடிக்கடி இருக்கும். இங்கே கேக்குக்கு விற்கும், தானாகப் பொங்கும் மைதாவிலும் இருக்கும். தோசைக்கோ பணியாரத்துக்கோ மைதா வேண்டுமென்றால் வெறும் மைதாவாகப் பார்த்து எடுங்கள்.

காரிமங்கலம் அண்ணா சொன்ன இளநீர் எச்சரிக்கை சரி. ஆனால் வெறுமனே ஊறவைப்பதால் பெரிதாக எதுவும் இறங்காது. உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் ஏறத்தாழ பாதி குறையும். குக்கரில் அளவாகத் தண்ணீர் விட்டு அப்படியே மசித்தால் எல்லாம் உள்ளேயே நிற்கும். பருப்பையும் அடியோடு நிறுத்த வேண்டாம். புரதத்தை அளவாக்குவது வேறு, அடியோடு நிறுத்துவது வேறு. நிறுத்தினால் தசை கரைந்து ஆள் இளைத்துவிடுவார்.

ஓசூர்
எனக்கு டயாலிசிஸ் நடக்கிறது. என்னிடம் முட்டையும் மீனும் அதிகம் சாப்பிடச் சொல்கிறார்கள். நீங்கள் அளவாக என்கிறீர்கள், எது சரி?

பாலக்கோடு
இரண்டும் சரி, தம்பி. டயாலிசிஸில் புரதம் வெளியேறுவதால் உங்களுக்குக் கூடுதல் தேவை. அவருக்கு அந்தக் கட்டம் வரவில்லை. ஒருவருடைய பட்டியலை இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது.

காரிமங்கலம்
அம்மா, பருப்பு விஷயத்தில் என் டாக்டர் அப்படித்தான் சொன்னார். சரி, விட்டுவிடுகிறேன். தம்பியின் மூட்டையைப் பற்றிச் சொல்லுங்கள்.

பாலக்கோடு
ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம், உப்புதான் காரணம். வெல்லமும் புளியும் பொட்டாசியம் மிகுந்தவை. புளியைத் தினமும் கரைக்காமல் எப்போதாவது சிறிதளவு ரசத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம். காபிக்கு வெல்லத்துக்குப் பதில் வெள்ளைச் சர்க்கரை போதும், அவருக்குச் சர்க்கரை நோய் இல்லையே. வீட்டில் உப்பில்லாமல் அரைத்த மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் நிறையக் கொண்டுவரட்டும், கடைச் சாம்பார்ப் பொடிகள் பலவற்றில் உப்பு கலந்திருக்கும். இங்கே ஆப்பிள், பேரிக்காய், முட்டைக்கோஸ், வெள்ளரி தாராளமாகக் கிடைக்கும், அவற்றை வாங்கி வையுங்கள். கிருஷ்ணகிரி மாம்பழம் கண்ணில் பட்டால் இரண்டு துண்டு கொடுங்கள், முழுப் பழம் வேண்டாம். நட்சத்திரப் பழத்தை மட்டும் ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். அதன் நஞ்சு பலவீனமான சிறுநீரகத்தால் வெளியேறாமல் மூளையைத் தாக்கும்.

பென்னாகரம்
கேழ்வரகு மட்டும் மிச்சம், அக்கா. களி இல்லாமல் அப்பாவுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. தம்பி ஐந்து கிலோ மாவு அரைத்துவிட்டான்.

பாலக்கோடு
அரிசியை விடக் கேழ்வரகில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதிகம். நானாக இருந்தால் வாரத்தில் இரண்டு நாள், ஒரு சிறு உருண்டை, கூட உப்பில்லாத மோர் கொஞ்சம் என்று தொடங்குவேன். மற்ற நாட்களில் அரிசிச் சோறு.

ஓசூர்
எங்கள் மருத்துவமனையில் கேழ்வரகே கூடாது என்றார்கள்.

பாலக்கோடு
அப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவருடைய பாஸ்பரஸ் எண் என்ன என்று தெரியாமல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. தங்கச்சி, ஊர் ரிப்போர்ட்டில் அது இருக்கிறதா?

பென்னாகரம்
இல்லை. தம்பியை நாளைக்கே பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொல்கிறேன்.