உதவி: 2019 ஈக்கோஸ்போர்ட்டின் வின் எண்ணைத் தளம் ஏற்க மறுக்கிறது, ஆண்டு, ஆலை, எஞ்சின் ஆகியவற்றை எப்படி உறுதி செய்வது?

ஆஸ்டின்வாசி எழுதியது:

வணக்கம். டெக்சாஸில் ஒரு தனிநபரிடமிருந்து பழைய ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் வாங்கலாம் என்று இருக்கிறேன். 2019 மாடல், டைட்டானியம் வகை, 2.0 லிட்டர் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம் என்று விளம்பரத்தில் உள்ளது. உரிமையாளர் குறுஞ்செய்தியில் அனுப்பிய எண் இது (கடைசி ஆறு இலக்கங்களை மட்டும், கணக்குக் குலையாதபடி மாற்றியிருக்கிறேன்):

```
MAJ653JL3KC904317
```

அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் இதை இட்டால், ஒன்பதாம் இடத்துச் சரிபார்ப்பு இலக்கம் பொருந்தவில்லை என்று வருகிறது. இது போலி எண்ணா? மேலும், ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்து ஒட்டியின் படத்தில் தேதி 11/18 என்று தெரிகிறது. அப்படியென்றால் இது 2018 வண்டிதானே?

மெக்கானிக் மாமா எழுதியது:

தம்பி, சரிபார்ப்பு இலக்கம் தவறினால் எண்ணில் கை வைத்திருக்கிறார்கள் என்றே பொருள், விட்டு விலகிவிடுங்கள். பத்தாம் எழுத்து K என்பதால் வண்டி 2019இல் தயாரானது. ஒட்டியில் 2018 என்று இருப்பதால் கதவையும் வேறொரு வண்டியிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறார்கள்.

பாகங்கள் பிரிவு எழுதியது:

மாமா சொல்வதில் K என்பது 2019ஐக் குறிக்கிறது என்பது மட்டும் சரி. ஆனால் அது மாடல் ஆண்டு, தயாரிப்பு ஆண்டு அன்று. அமெரிக்காவில் அடுத்த மாடல் ஆண்டு வண்டிகளை முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே தயாரிக்கத் தொடங்குவது வழக்கம். ஆகவே 2018 நவம்பரில் தயாரான வண்டி 2019 மாடலாக இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. தயாரிப்பு மாதம் அமெரிக்க வின் எண்ணுக்குள் இருக்காது. கதவு ஒட்டியில்தான் பார்க்க வேண்டும்.

இனி அந்த இலக்கத்துக்கு வருவோம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எடையும் உண்டு. பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்தால் வரும் மீதி ஒன்பதாம் இடத்தில் இருக்க வேண்டும்.

```
M A J 6 5 3 J L  3 K C 9 0 4 3 1 7
4 1 1 6 5 3 1 3  - 2 3 9 0 4 3 1 7
8 7 6 5 4 3 2 10 0 9 8 7 6 5 4 3 2
```

கூட்டுத்தொகை 290, மீதி 4. எண்ணிலோ 3 இருக்கிறது. ஆனால் அமெரிக்கச் சந்தைக்கான 2019 ஈக்கோஸ்போர்ட்டில் நான்கு சக்கர இயக்க வண்டிகளின் எண்கள் MAJ6S3 என்று தொடங்குவதையே நான் கண்டிருக்கிறேன். ஐந்தாம் இடத்தில் 5க்குப் பதிலாக S வைத்துப் பாருங்கள். S இன் மதிப்பு 2. அந்த இடத்தில் 20க்குப் பதில் 8 வரும், கூட்டுத்தொகை 278 ஆகும், மீதி 3. பொருந்திவிட்டது. உரிமையாளர் கண்ணாடிக்கு வெளியே நின்று படித்து S எழுத்தை 5 என்று தட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன். அவரிடம் எண்ணைக் கேட்காதீர்கள். முன்கண்ணாடியின் கீழ் மூலையில் உள்ள தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மறைமலைநகர்க்காரன் எழுதியது:

அமெரிக்காவில் விற்ற ஈக்கோஸ்போர்ட் எல்லாம் எங்கள் ஊர் ஆலையில் செய்தவைதானே! என்னுடையதும் ஈக்கோஸ்போர்ட்தான், சென்னையில் பதிவானது. MAJAXXMRKAEJ என்று தொடங்குகிறது. மேலே சொன்ன முறைப்படி பார்த்தால் பத்தாம் எழுத்து A, அதாவது 2010. இந்த மாடல் இந்தியாவில் 2013இல்தானே விற்பனைக்கு வந்தது? ஒன்பதாம் இடத்தில் K இருக்கிறது, அதுவும் ஓர் இலக்கம் இல்லை. என் எண்ணும் தவறா?

பாகங்கள் பிரிவு எழுதியது:

உங்கள் எண்ணில் தவறு இல்லை ஐயா. படிக்கும் முறைதான் வேறு. பத்தாம் இடத்தில் ஆண்டு, ஒன்பதாம் இடத்தில் சரிபார்ப்பு இலக்கம் என்பது வட அமெரிக்காவில் விற்கும் வண்டிகளுக்கான கட்டாயம். இந்தியச் சந்தைக்கான வண்டிகளுக்கு ஃபோர்டு தன் ஐரோப்பிய முறையைப் பின்பற்றியது. அதில் பதினொன்றாம் எழுத்து ஆண்டு, பன்னிரண்டாம் எழுத்து மாதம். உங்களுடையது E, அதாவது 2014. மாத எழுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும் அட்டவணைப்படி அமைவதால், J என்பதை ஊகித்துச் சொல்ல விரும்பவில்லை. பதிவுச் சான்றிதழில் தயாரிப்பு மாதம் இருக்கும், அதைப் பாருங்கள். ஒரே ஆலையில் ஒரே மாடலாக உருவான வண்டிகளே இரண்டு விதமாக எண் தாங்கி வருவதால்தான், எண்ணைப் படிக்கும் முன் வண்டி எந்தச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆஸ்டின் நண்பருக்கு: தொடக்கத்திலுள்ள MAJ ஃபோர்டு இந்தியாவைக் குறிக்கும், பதினொன்றாம் இடத்து C சென்னை ஆலை. விளம்பரத்தில் உள்நாட்டுத் தயாரிப்பு என்று சொல்லியிருந்தால் அது தவறு. எட்டாம் இடத்து L தான் உங்களுக்கு முக்கியம். அது 2.0 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின். E என்றிருந்தால் 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர். அந்தச் சிறிய எஞ்சினின் ஆயில் பம்ப் பெல்ட் கோளாறுக்காக 2018 முதல் 2022 வரையிலான ஈக்கோஸ்போர்ட்டுகளை 2023 டிசம்பரில் திரும்ப அழைத்தார்கள். அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. அமெரிக்காவில் நான்கு சக்கர இயக்கம் 2.0 எஞ்சினுடன் வந்ததால், விளம்பரத்தில் அந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன.

ஒத்துப்போகாதது ஏழாம் எழுத்து. J என்பது எஸ்.ஈ.எஸ். வகை. டைட்டானியமாக இருந்தால் K வந்திருக்க வேண்டும்.

மெக்கானிக் மாமா எழுதியது:

மாடல் ஆண்டு பற்றி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்குப் பொருந்தினால் எண் உண்மையானது என்று ஆகிவிடுமா? திருட்டு வண்டிக்கு இன்னொரு நல்ல வண்டியின் எண்ணை அப்படியே போட்டால் கணக்கு இம்மியும் பிசகாதே.

பாகங்கள் பிரிவு எழுதியது:

முற்றிலும் சரி. இந்தக் கணக்கு எழுத்துப்பிழையைத்தான் பிடிக்கும், திருட்டைப் பிடிக்காது. எழுத்துப்பிழையிலும் S எழுத்தை 2 என்று எழுதினால், இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே என்பதால் அதையும் விட்டுவிடும். ஆகவே முன்கண்ணாடித் தகடு, கதவு ஒட்டி, உரிமைப் பத்திரம், ஸ்கேனரில் எஞ்சின் கணினி காட்டும் எண் ஆகிய நான்கும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நேரில் பாருங்கள். ஒட்டியின் ஓரம் உரிந்து மீண்டும் ஒட்டியது போல் இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம்.

ஆஸ்டின்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தகட்டின் படம் வந்துவிட்டது. அதில் இருப்பது S தான். தளம் இப்போது ஏற்று, 2019, சென்னை, 2.0 லிட்டர், நான்கு சக்கர இயக்கம் என்று காட்டுகிறது. வகை எஸ்.ஈ.எஸ். என்றே வருகிறது. ஆனால் பின்கதவில் டைட்டானியம் என்ற எழுத்துச் சின்னம் ஒட்டப்பட்டிருக்கிறது. தான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்கிறார் உரிமையாளர்.

பாகங்கள் பிரிவு எழுதியது:

சின்னத்தை எவரும் வாங்கி ஒட்டலாம். எனக்கு அதைவிடக் கவலை தருவது, பின்பக்கம் அடிபட்டு வேறொரு டைட்டானியம் வண்டியின் பின்கதவை மாட்டியிருக்கக்கூடும் என்பதே. கதவு ஒட்டியில் வண்ணக் குறியீடு இருக்கும். பின்கதவின் உள் விளிம்பிலும் கீல்களின் அடியிலும் அதே வண்ணம் இருக்கிறதா, கீல் போல்ட்டுகளின் தலையில் சாவி பட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர்டு விற்பனையகத்தில் வின் எண்ணைக் கொடுத்து, வண்டி புதிதாக விற்றபோது இருந்த விலைப்பட்டியலின் நகல் கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஆலையில் பொருத்திய வசதிகள் வின் எண்ணில் தெரியாது, அதில்தான் தெரியும். அது கையில் வரும்வரை எஸ்.ஈ.எஸ். விலையிலேயே பேசுங்கள்.

ஆஸ்டின்வாசி எழுதியது:

சனிக்கிழமை ஸ்கேனருடன் நேரில் போகிறேன். பின்கதவின் படங்களை எடுத்து இங்கே இடுகிறேன்.