கிளையன்ட்டுக்கு எழுதும் மெயில் ஃபார்மலா, செமி ஃபார்மலா? அவசரம்

புதுவரவு
வணக்கம். வெளிநாட்டு வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. இன்று மாலைக்குள் கிளையன்ட்டுக்கு ஒரு மெயில் போயாக வேண்டும். எங்கள் பக்கம் வேலை ஒரு வாரம் தள்ளிப்போகிறது, அதைச் சொல்ல வேண்டும். போன மெயிலைப் பார்த்துவிட்டு மேலாளர், "ரொம்ப ஃபார்மலா இருக்கு" என்றார். சரி என்று இன்று இறங்கி எழுதிக் காட்டினால், "இந்த விஷயத்துக்கு இவ்வளவு சாதாரணமாவா?" என்கிறார். எதற்கு எது என்று எதை வைத்து முடிவு செய்வது? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடல்தாண்டி
தம்பி, ஃபார்மலாகவே எழுதுங்கள். மரியாதை கூடினால் யாரும் கோபப்பட மாட்டார்கள், குறைந்தால்தான் வம்பு. மேலே டியர் சர் ஆர் மேடம், கீழே யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி. கண்ணை மூடிக்கொண்டு இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி
முதல் சில மாதம் எல்லோருக்கும் இப்படித்தான். எனக்கு மெயில்கூடப் பரவாயில்லை, போனில் அவர்கள் பேசும் வேகம் பிடிபடவே இல்லை. தினமும் செய்தி கேளுங்கள், சத்தமாக வாசித்துப் பழகுங்கள். உச்சரிப்பு சரியானால் தைரியம் தானாக வரும்.

வாணி
கடல்தாண்டி சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் சேர்ந்த முதல் இடத்தில் எல்லோருக்கும் "ரெஸ்பெக்டட் சர்", "கைண்ட்லி டு தி நீட்ஃபுல்" என்றே எழுதினேன். ஆறு மாத மதிப்பீட்டில், "ஒட்டாமல் பழகுகிறார்" என்று எழுதிவிட்டார்கள். அதை ஏன் முன்பே ஒருவரும் சொல்லவில்லை என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. அவர்கள் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே நீங்களும் எழுதுங்கள். அவர் ஹாய் என்றால் நீங்களும் ஹாய், அவ்வளவுதான்.

நடைபாதை
எங்கள் அலுவலகத்தில் இயக்குநரையே முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஆனால் அதே ஆளுக்கு ஒரு மெயிலில் சுற்றி வளைக்காமல் கேட்டால் முகம் மாறுகிறது. பெயரில் மட்டும்தான் சமத்துவம். உள்ளூர்க்காரர்கள் எழுத்துப்பிழையோடு எழுதினால் அவசரம் என்பார்கள், நாம் எழுதினால் ஆங்கிலம் போதாது என்பார்கள்.

வாணி
அதேதான்! இதை யாரிடம் போய்ச் சொல்வது.

மேசைவிளக்கு
புலம்பலை அப்புறம் வைத்துக்கொள்வோம், அவருக்கு மாலைக்குள் மெயில் போக வேண்டும். புதுவரவு, மூன்று விஷயம் சொல்லுங்கள். பெறுநர் வரியிலும் சிசியிலும் யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் யாராவது அண்மையில் புதிதாகச் சேர்ந்தவரா? அந்தக் கிளையன்ட் கடைசியாக எழுதிய மெயிலின் முதல் வரியும் கடைசி வரியும் என்ன? தாமதமானால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

புதுவரவு
இதையெல்லாம் கேட்பீர்கள் என்று தெரியவில்லை, மன்னிக்கவும். எழுதுவது அவர்கள் திட்ட மேலாளருக்கு. எப்போதும் "ஹாய் ஆல்" என்று தொடங்கி "தேங்க்ஸ்" போட்டு முதல் பெயரோடு முடிப்பார். ஆனால் நேற்று வந்த மெயிலில் "டியர்" போட்டு என் முழுப்பெயர், "ஆஸ் பெர் அவர் அக்ரிமென்ட்" என்று ஒரு வரி, சிசியில் கொள்முதல் பிரிவுக்காரர் ஒருவர். அவரை எனக்குத் தெரியாது. தாமதத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன்.

மேசைவிளக்கு
இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது. உங்கள் மேலாளர் இரண்டு முறையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆளைப் பார்த்தால் செமி ஃபார்மல் போதும், காரியத்தைப் பார்த்தால் ஃபார்மல் வேண்டும். ஒரே ஆளுக்கு எழுதினாலும் காரியம் மாறினால் நடை மாறும்.

நான் பார்ப்பது இதைத்தான்: இன்று எழுதுவதை ஆறு மாதம் கழித்து, என்னைத் தெரியாத ஒருவர் கோப்பிலிருந்து எடுத்துப் படிப்பாரா? படிப்பார் என்றால் ஃபார்மல். உங்கள் விஷயத்தில் கொள்முதல்காரர் சிசியில் வந்ததும், ஒப்பந்தத்தைச் சுட்டியதும், ஹாய் போய் டியர் வந்ததும் ஒரே செய்திதான். அவர்கள் பதிவு வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் கடல்தாண்டி சொன்னதுபோல் மெயில் முழுவதையும் ஃபார்மலாக்காதீர்கள். இத்தனை நாள் ஹாய் சொன்னவருக்குத் திடீரென்று டியர் சர் ஆர் மேடம் போனால் அவர் மரியாதை என்று படிக்க மாட்டார், கோபம் என்றோ வழக்குக்குத் தயாராகிறார்கள் என்றோ படிப்பார். பெயர் தெரிந்தவருக்கு அந்த விளிப்பே பொருந்தாது. யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லியும் பிரிட்டிஷ் வழக்கில் பெயர் தெரியாதவருக்குத்தான். பெயர் தெரிந்தால் யுவர்ஸ் சின்சியர்லி. அமெரிக்கர்கள் வெறும் சின்சியர்லியோடு முடிப்பார்கள்.

எனவே இரண்டாகப் பிரியுங்கள். தாமத அறிவிப்பை நிறுவனத் தாளில் கடிதமாக எழுதி பிடிஎஃப் ஆக்கி இணையுங்கள். அது முழு ஃபார்மல். மிஸ்டர் அல்லது மிஸ் போட்டுக் குடும்பப்பெயர், "ஐ" வராமல் "வீ", டோன்ட், வோன்ட் போன்ற சுருக்கம் ஒன்றும் கூடாது. ஒப்பந்தத்தின் பிரிவு எண், பழைய தேதி, புதிய தேதி, காரணம் எல்லாம் அதில் வர வேண்டும். உணர்ச்சி வேண்டாம்.

அதைச் சுமந்து போகும் மெயில் செமி ஃபார்மல். "டியர்" போட்டு அவருடைய முதல் பெயர். டெலிவரி ஒரு வாரம் தள்ளிப்போகிறது, முறையான அறிவிப்பை இணைத்திருக்கிறேன், நாளை பேச நேரம் கிடைக்குமா என்று மூன்று நான்கு வாக்கியம். முடிவில் "கைண்ட் ரிகார்ட்ஸ்". "ஐ ஹேவ் அட்டாச்ட்" என்று இயல்பாக எழுதலாம், "ப்ளீஸ் ஃபைண்ட் என்க்ளோஸ்ட்" தேவையில்லை. "குட் யூ" என்று கேளுங்கள். "கைண்ட்லி" நமக்குப் பணிவாகத் தெரியும், ஆனால் பல இடங்களில் அதை அதட்டலாகப் படிக்கிறார்கள்.

வாணி, அவர்களைப் பார்த்து எழுதுவது பாதி சரி. எதிரில் இருப்பவர் ஏறினால் நாமும் ஏற வேண்டும். அவர் இறங்கினால் உடனே இறங்கக் கூடாது, ஒரு படி மேலேயே நிற்கலாம். அவர் ஸ்மைலி போட்டாலும் தாமதம் சொல்லும் மெயிலில் நாம் போடுவதில்லை.

கடல்தாண்டி
பெயர் விஷயம் எனக்கும் புதிது. ஆனால் கடிதத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டாமா? தாமதம் நம் பக்கம்தானே.

மேசைவிளக்கு
மெயிலில் "ஐ ஆம் சாரி ஃபார் தி டிலே" என்று ஒரு வரி எழுதலாம் என்பது என் பழக்கம். கடிதத்தில் "வீ ரிக்ரெட்" வரைதான் போவேன்.

நடைபாதை
எங்கள் ஒப்பந்தப் பிரிவு மெயிலில்கூட சாரி எழுத விடாது. பொறுப்பை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்களாம். மன்னிப்புக் கேட்காவிட்டால் கிளையன்ட் இன்னும் கடுப்பாகிறார் என்பதையும் பார்த்திருக்கிறேன். புதுவரவு, இதை மட்டும் உங்கள் மேலாளரிடமே கேட்டுவிடுங்கள்.

புதுவரவு
கடிதம் தயார், மேலாளருக்கு அனுப்பிவிட்டேன். சாரி பற்றியும் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. ஒரே சந்தேகம். அந்தக் கொள்முதல்காரர் ஆணா பெண்ணா என்று பெயரை வைத்துத் தெரியவில்லை. கடிதத்தில் அவர் பெயரும் போட வேண்டும் என்கிறார்கள்.

வாணி
டியருக்குப் பிறகு முழுப்பெயரை அப்படியே போடுங்கள், மிஸ்டரும் வேண்டாம் மிஸ்ஸும் வேண்டாம். மிஸ்டர் போட்டு முதல் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள், நம் ஆட்கள் அதைத்தான் செய்கிறார்கள். அவருடைய மெயிலின் அடியில் கையொப்பம் இருக்கும், குடும்பப்பெயர் எது என்று அதில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.